கொட்டேஷன்ல 34 லட்சம், அஞ்சு வருஷத்துல ஒன்றரைக் கோடி: ஒரு ஈஆர்பி கணக்கு

கணக்கு, ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், புரொடக்ஷன் எல்லாத்தையும் ஒரே சாஃப்ட்வேர்ல ஓட்டறதுதான் ஈஆர்பி, அதை வாங்கப் போற கம்பெனிங்க என்கிட்ட கொட்டேஷனைக் காட்டி "இது நியாயமான ரேட்டா"ன்னு கேட்பாங்க. ரேட் பெரும்பாலும் நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பேப்பர்ல வெண்டார் நம்மகிட்ட வாங்கப்போற பணம் மட்டும்தான் இருக்கும், நம்ம வீட்டுக்குள்ளேயே நாம செலவு பண்ணப்போற பணத்துக்கு அதுல ஒரு வரிகூட கிடையாது, நான் பார்த்த வரைக்கும் மொத்தச் செலவுல பெரிய துண்டு அதுதான். காஸ்ட் அக்கவுண்டன்ட்டா வேலை பார்க்கறதால இந்தக் கணக்கை நான் அடிக்கடி போட வேண்டியிருக்கு, ஒரு தடவை முழுசா எழுதி வச்சிடலாம்னுதான் இந்தப் பதிவு.

எடுத்துக்கிட்ட கேஸ் கோயம்புத்தூர்ல மோட்டார் பம்ப் பண்ற ஒரு யூனிட். பேர் வேண்டாம், நம்பரையும் ரவுண்ட் பண்ணிட்டேன். டர்ன்ஓவர் 60 கோடிக்கு பக்கம். கணக்கு டேலில, ஸ்டோர்ஸ் யாரோ ஒருத்தர் எப்பவோ எழுதிக் கொடுத்த சின்ன சாஃப்ட்வேர்ல, புரொடக்ஷன் பிளானிங் எக்செல்ல, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வேலை மட்டும் செஞ்சு வாங்க வெளிப் பட்டறைக்குப் போன சரக்கு மட்டும் ஒரு பச்சை அட்டை நோட்டுல. 25 பேர் யூஸ் பண்ற மாதிரி ஒரு மிட் சைஸ் ஈஆர்பி. கொட்டேஷன்ல லைசென்ஸ் 20 லட்சம் (ஆளுக்கு சராசரி 80 ஆயிரம்), இம்ப்ளிமெண்டேஷன், அதாவது சாஃப்ட்வேரை நம்ம கம்பெனிக்கு செட் பண்ணித் தர்ற கன்சல்டன்ட் வேலை, 120 மேன்டே, நாளுக்கு 12 ஆயிரம் வச்சு 14.4 லட்சம். ஆக 34.4 லட்சம். இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தாங்க. அதைப் பார்த்து முதலாளி பதறிட்டாரு, ஆனா அது இன்புட் கிரெடிட்ல திரும்ப வந்துடும், கொஞ்ச நாள் கைல காசு இருக்காது, அவ்வளவுதான், செலவுக் கணக்குல சேர்க்கக் கூடாது.

லைசென்ஸ்ல முதல் விஷயம் ஏஎம்சி, அதாவது வருஷா வருஷம் கட்டற பராமரிப்புக் கட்டணம். லைசென்ஸ் விலைல வருஷத்துக்கு 18லேர்ந்து 22 சதவீதம் வரைக்கும் கேட்கறது இந்த மார்க்கெட்ல சாதாரணம். இங்க 18 சதவீதம், அதாவது வருஷம் 3.6 லட்சம், அஞ்சு வருஷத்துக்கு 18 லட்சம். 20 லட்சத்துக்கு வாங்கின பொருளுக்கு கிட்டத்தட்ட இன்னொரு தடவை விலை கொடுக்கறோம். அதைவிட எரிச்சலான விஷயம், அது ஓட ஆரம்பிக்கற தேதி. பெரும்பாலான அக்ரிமெண்ட்ல லைசென்ஸ் வாங்கின தேதிலேர்ந்தே ஏஎம்சி மீட்டர் ஓடும், சிஸ்டம் லைவ் ஆகி நிஜ வேலைக்கு ஓட ஆரம்பிக்கற தேதிலேர்ந்து இல்ல. இங்க லைவ் ஆக 9 மாசம் ஆச்சு, அந்த 9 மாசத்துக்கு 2.7 லட்சம், ஒரு பில்கூட போடாத சாஃப்ட்வேருக்கு. முதல்ல அஞ்சாறு லைசென்ஸ் மட்டும் வாங்கி செட்டப் பண்ணிட்டு, மிச்சத்தை லைவுக்கு முந்தின மாசம் வாங்கறேன்னு கேட்டா நிறைய வெண்டாருங்க ஒத்துக்குவாங்க, கேட்கணும், அவங்களா சொல்ல மாட்டாங்க.

கன்சல்டன்ட் செலவுலதான் கொட்டேஷனுக்கும் நிஜத்துக்கும் இடைவெளி வெளியே தெரிய ஆரம்பிக்கும். 120 நாள்ங்கறது எங்கேயோ இருக்கற ஒரு ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு போட்ட கணக்கு. கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஸ்டாண்டர்டா இயங்கறது இல்ல, ஏன்னா பாதி வேலை வெளியே நடக்கும். ஃபவுண்டரிலேர்ந்து காஸ்டிங் கிலோ கணக்குல வரும். அது மெஷினிங்குக்கு பக்கத்து ஊர்ல இருக்கற லேத் பட்டறைக்கு நம்பர் கணக்குல போகும். திரும்பி வரும்போது கொஞ்சம் நல்ல பீஸ், கொஞ்சம் புளோ ஹோல் வந்து ரிஜெக்ட், கடைசல் தூள் பட்டறைக்காரர்கிட்டயே நின்னுடும். ஜிஎஸ்டி சட்டம் 143வது பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு போன மெட்டீரியல் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும், போனது வந்ததை எல்லாம் ஐடிசி-04 படிவத்துல காட்டணும், 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருந்தா அரை வருஷத்துக்கு ஒரு தடவை. இந்த முழு ஓட்டத்தையும் சாஃப்ட்வேர்ல கொண்டு வரணும்னா, ஒரே காஸ்டிங் கிலோலயும் நம்பர்லயும் ஓடணும், அதுவும் அதே மாடல் காஸ்டிங் ஒரு லாட்ல 8.2 கிலோ இருக்கும், அடுத்த லாட்ல 8.6 இருக்கும். ஸ்டாண்டர்ட்ல ஒரே ஒரு கன்வெர்ஷன் ஃபேக்டர்தான் போட முடியும். இதைச் சரி பண்ண சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது கொட்டேஷனுக்கு வெளியே கேட்கற கூடுதல் வேலை, அது மட்டும் ஜாப் ஒர்க் சலான் டிசைனோட சேர்த்து 30 நாளைத் தாண்டுச்சு, மத்த சில்லறை எல்லாம் சேர்ந்து 45 நாள், 5.4 லட்சம். கன்சல்டன்ட் பெங்களூர்லேர்ந்து வந்து போன ரயில் டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு 1.5 லட்சம். கொட்டேஷன் கடைசிப் பக்கத்துல "போக்குவரத்து தங்குமிடம் ஆக்சுவல்"னு சின்ன எழுத்துல இருந்தது இதுதான்.

லைவ் ஆனதும் கன்சல்டன்ட் கிளம்பிடுவாருன்னு எல்லாரும் நினைக்கறாங்க. கிளம்ப மாட்டாரு. ஏதாவது ஒரு ரிப்போர்ட், ஏதாவது ஒரு பிரிண்ட் ஃபார்மட், ஜிஎஸ்டில ஏதாவது ஒரு மாற்றம். 2023 ஆகஸ்ட்டுல இ-இன்வாய்ஸ் வரம்பை 5 கோடிக்கு இறக்கினப்ப எத்தனை சின்ன கம்பெனி அவசர அவசரமா சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டுதுன்னு நினைச்சுப் பாருங்க, ஏஎம்சில சட்ட மாற்றத்துக்கான பேட்ச் வரும், ஆனா அதை நம்ம பிரிண்ட் ஃபார்மட்டோட ஒட்டவைக்கற வேலை தனி பில். மாசத்துக்கு ரெண்டு மேன்டேன்னு வச்சா, லைவுக்கு அப்புறம் மிச்சம் இருக்கற 51 மாசத்துக்கு 12.24 லட்சம். கன்சல்டன்ட் தலைப்புல மொத்தம் 33.5 லட்சம், கொட்டேஷன்ல இருந்த 14.4 இப்ப ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு.

ஹோஸ்டிங் பத்தி ரொம்பப் பேச ஒண்ணும் இல்ல. கிளவுட்ல சர்வர், டேட்டாபேஸ் லைசென்ஸோட மாசம் 22 ஆயிரம். எல்லாரும் மறக்கறது டெஸ்ட் சர்வரும் பேக்கப்பும், அது இன்னொரு 6 ஆயிரம். அப்புறம் ரெண்டாவது இன்டர்நெட் லைன் மாசம் 5 ஆயிரம், ஏன்னா முன்னாடி நெட் போனா மெயில் வராது அவ்வளவுதான், இப்ப நெட் போனா கேட்ல லாரி நிக்கும், இ-வே பில் போட முடியாது. அஞ்சு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 19.8 லட்சம்.

இதுவரைக்கும் பார்த்ததுக்கெல்லாம் பில் வரும். பில் வர்றதை எப்படியும் யாராவது ஒருத்தர் பார்த்துடுவாங்க. இனி வர்றதுக்கு பில்லே கிடையாது.

கொட்டேஷன்ல "டேட்டா மைக்ரேஷன்: கிளையன்ட் பொறுப்பு"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள்ள என்ன இருக்குன்னு இந்தக் கம்பெனி ஐட்டம் மாஸ்டரை, அதாவது எல்லாப் பொருளோட பேரும் கோடும் இருக்கற லிஸ்ட்டைப் பார்த்தாத்தான் தெரியும். பழைய ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேர்ல ஒரு பேரிங்கே இப்படி இருந்துச்சு:

```
BRG 6203 ZZ
BEARING 6203
6203-2Z
6203 2RS
BRG-6203 (OLD)
```

இதுல ZZ, 2Z ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் மெட்டல் ஷீல்டு, பேர் மட்டும் மேக்கருக்கு மேக்கர் மாறும். 2RS வேற, அது ரப்பர் சீல். வெறும் "BEARING 6203"ன்னு இருக்கறது எது? "OLD"ங்கறது எது? கன்சல்டன்ட்டுக்குத் தெரியாது, ஐடி பையனுக்கும் தெரியாது, ரேக்குல போய் டப்பாவைத் திறந்து பார்த்துச் சொல்ல ஸ்டோர்ஸ்ல ரொம்ப வருஷமா இருக்கற ஒரு அண்ணனாலதான் முடியும். எல்லாத்தையும் ஒரே கோடா சேர்த்துட்டா, ரப்பர் சீல் போட வேண்டிய மாடல்ல ஷீல்டு பேரிங் போயிடும். சேர்க்காம விட்டா, கைல சரக்கு இருக்கும்போதே சிஸ்டம் இல்லைன்னு சொல்லி பர்ச்சேஸ் ஆர்டர் போடச் சொல்லும். இந்த மாதிரி ஆயிரக்கணக்குல ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் ஜிஎஸ்டிக்கான எச்எஸ்என் கோடு, யூனிட், ரீஆர்டர் லெவல். அந்த அண்ணன் இதைப் பார்த்துட்டு இருந்த நேரத்துல அவரோட நிஜ வேலையை யார் பார்த்தாங்க? அவரேதான், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல.

இதை ரூபாய்ல போடறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், பிளானிங், டிஸ்பாட்ச், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ்னு ஆறு கீ யூசர், டிபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தரா இந்த வேலையை முன்ன நின்னு பார்க்கறவங்க. ஒவ்வொருத்தரும் 9 மாசம் தன் நேரத்துல 40 சதவீதத்தை இதுக்குக் கொடுத்தாங்க. பிஎஃப் போனஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாசம் 45 ஆயிரம்னு வச்சா 9.7 லட்சம். புராஜெக்டை நடத்தினது அக்கவுண்ட்ஸ் மேனேஜர், அவர் நேரத்துல 70 சதவீதம் போச்சு, மாசம் 90 ஆயிரம், அது 5.7 லட்சம். டேட்டா அடிக்க ரெண்டு டிப்ளமோ பசங்க நாலு மாசம், 1.4 லட்சம். 25 பேருக்கும் அஞ்சு நாள் டிரெய்னிங், அந்த அஞ்சு நாள் சம்பளம் 1.5 லட்சம்.

லைவ் ஆனதுக்கு அப்புறம் மூணு மாசம் எல்லாரும் மெதுவாகிடுவாங்க. முன்னாடி கண்ணை மூடிட்டு போட்ட ஜிஆர்என்னுக்கு, அதாவது சரக்கு வந்து சேர்ந்ததுக்குப் போடற என்ட்ரிக்கு, இப்ப நாலு ஸ்கிரீன். பழைய சிஸ்டத்தையும் புதுசையும் சேர்த்து ஓட்டுவாங்க. 25 பேர்கிட்ட சராசரி அஞ்சுல ஒரு பங்கு வேலை குறைஞ்சதுன்னு வச்சாலே 5.25 லட்சம். இது என் ஊகம்தான், ஆனா ஓவர்டைம் ரிஜிஸ்டரை வச்சுப் பார்த்தா குறைச்சலாத்தான் போட்டிருக்கேன்.

அப்புறம் வருது நிரந்தரச் செலவு, யாரும் இதைப் பத்திப் பேசவே மாட்டாங்க. பாஸ்வேர்ட் ரீசெட், புது ஐட்டம் கிரியேட் பண்றது, யாருக்கு எந்த ஸ்கிரீன் பெர்மிஷன், தப்பா போஸ்ட் ஆன என்ட்ரியைக் கண்டுபிடிக்கறது, இதுக்கெல்லாம் ஒரு ஆள் வேணும். மாசம் 40 ஆயிரத்துக்கு ஒருத்தரை எடுத்தாங்க, 51 மாசத்துக்கு 20.4 லட்சம். ஆறு கீ யூசரும் தங்களோட நேரத்துல பத்துல ஒரு பங்கை இதுக்கே கொடுத்துட்டு இருக்காங்க, அதாவது ஸ்டோர்ஸ்ல ஒரு பையன் "அண்ணா இது எரர் வருதுண்ணா"ன்னு கூப்பிடறது, மாசக் கடைசில ஸ்டாக் டேலி ஆகலைன்னு உட்கார்றது, பேட்ச் போட்டா டெஸ்ட் பண்றது. அது 13.8 லட்சம். வீட்டு ஆளுங்க நேரம் மொத்தமா 57.8 லட்சம்.

இப்ப கூட்டுங்க. லைசென்ஸ் ஏஎம்சி 38, கன்சல்டன்ட் 33.5, ஹோஸ்டிங் 19.8, உள் ஆளுங்க 57.8. மொத்தம் 149 லட்சம். மூணு மாசம் மூணு வெண்டார்கிட்ட பேரம் பேசி லைசென்ஸ்ல 10 சதவீதம் குறைச்சாங்க, அது வெறும் 2 லட்சம், ஏன்னா நாம பேரம் பேசின லைசென்ஸ் விலைங்கறது மொத்தத்துல நூத்துக்கு 13 ரூபாய்தான். நூத்துக்கு 39 ரூபாய் நம்ம ஆளுங்க நேரம், அதைப் பத்தி ஒரு மீட்டிங்கூட நடக்கல.

ஏன் இது கண்ணுக்குப் படறது இல்லன்னா, சம்பளம் எப்படியும் போகுது. லாப நஷ்டக் கணக்குல அது சம்பளம்ங்கற தலைப்புல முன்னாடியும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. சாஃப்ட்வேரை சொத்தா புக்ஸ்ல ஏத்தும்போது லைசென்ஸ் பில்லையும் கன்சல்டன்ட் பில்லையும்தான் ஏத்துவாங்க. நேரடியா அந்த வேலைக்குன்னே போன சம்பளத்தைச் சேர்க்க கணக்கு விதில இடம் இருக்கு, ஆனா டைம் ஷீட் இல்லாம எந்த ஆடிட்டரும் ஒத்துக்க மாட்டாரு, டிரெய்னிங் செலவை எப்படியும் சேர்க்கவே முடியாது. அதனால புக்ஸ்லயும் ஈஆர்பி விலை முப்பத்தஞ்சு நாப்பது லட்சம்னு நிக்கும், முதலாளி மனசுலயும் அதே நம்பர்தான் நிக்கும். "ஆளுங்க சும்மாதானே சம்பளம் வாங்கறாங்க, அந்த நேரத்துல செய்யட்டும்"னு இந்த எம்டி சொன்னாரு. அவர் பர்ச்சேஸ் மேனேஜர் அந்த 9 மாசத்துல காப்பர் வயர் ரேட்டை வாராவாரம் நாலு இடத்துல கேட்கறதை விட்டுட்டாரு, பழைய சப்ளையர்கிட்டயே ரிப்பீட் ஆர்டர் போட்டுட்டு இருந்தாரு. பம்ப் கம்பெனில காப்பர் எவ்வளவு பெரிய செலவுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். அந்த நஷ்டத்தை நான் 149ல சேர்க்கலை, சேர்க்கறதுக்கு நேர்மையான வழி ஒண்ணு கிடைக்கல.

இது சின்ன கம்பெனி சமாச்சாரம்னு நினைச்சீங்கன்னா, இங்கிலாந்துல பர்மிங்ஹாம் நகர கவுன்சிலைப் பாருங்க. 1999லேர்ந்து ஓடிட்டு இருந்த எஸ்ஏபி ஈஆர்பியை எடுத்துட்டு ஆரக்கிள் கிளவுட் ஈஆர்பிக்கு 2022 ஏப்ரல்ல மாறினாங்க. முதல்ல போட்ட பட்ஜெட் சுமார் 2 கோடி பவுண்டு. 2023ல அது 10 கோடி பவுண்டு வரைக்கும் போகலாம்னு கவுன்சிலே சொல்லிடுச்சு. லைசென்ஸ் விலை ஏறினதால இது நடக்கல. தங்களோட பழைய வேலை முறைக்கு ஏத்த மாதிரி சிஸ்டத்தை வளைச்சாங்க, அதுல முக்கியமானது பேங்க் ரீகன்சிலியேஷன், அது ஒழுங்கா ஓடல, எந்தப் பணம் எந்தக் கணக்குக்கு வந்ததுன்னு ஆளுங்க கையால உட்கார்ந்து பிரிக்க வேண்டியதாச்சு. 2023 செப்டம்பர்ல அந்தக் கவுன்சில் புதுச் செலவே பண்ண முடியாதுன்னு நோட்டீஸ் கொடுத்ததுக்குப் பெரிய காரணம் சம ஊதிய வழக்குகளோட பாக்கிதான், ஆனா இந்த சிஸ்டம் விவகாரமும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு.

"அப்ப ஃப்ரீயா கிடைக்கற ஓப்பன் சோர்ஸ் போட்டுக்கலாமே"ன்னு அடுத்த கேள்வி வரும். போடலாம், இஆர்பிநெக்ஸ்ட்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஈஆர்பிக்கு லைசென்ஸ் காசு கிடையாது, மும்பைல பண்ற சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி வேலைகளுக்கும் ஆட்-ஆன் இருக்கு. இதே கம்பெனிக்கு அதை வச்சு கணக்குப் போட்டேன். லைசென்ஸ் ஏஎம்சி 38 லட்சம் அப்படியே போயிடும். விண்டோஸ், டேட்டாபேஸ் லைசென்ஸ் வேண்டாம், ஹோஸ்டிங்ல ஒரு 5 லட்சம் மிச்சம். ஆனா கஸ்டமைஸ் பண்ணின இடமெல்லாம் ஒவ்வொரு பெரிய வெர்ஷன் மாறும்போதும் உடையும், அதைச் சரி பண்ண டெவலப்பர் நாட்களுக்கு 12 லட்சம் கூட்டினேன். மொத்தம் 118 லட்சம் வருது. 31 லட்சம் மிச்சம், நல்ல மிச்சம்தான், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா "ஃப்ரீ"ன்னு ஆரம்பிச்ச பேச்சு 118 லட்சத்துல வந்து நிக்குது, அதுல அந்த 57.8 லட்சம் ஒரு பைசா குறையாம அப்படியே உட்கார்ந்திருக்கு, ஏன்னா பேரிங் டப்பாவைத் திறந்து பார்க்கற வேலை எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் ஒண்ணுதான்.

லைவ் ஆன பிறகு இந்த மறைஞ்ச செலவு எவ்வளவு ஓடுதுன்னு கண்டுபிடிக்க நான் ரெண்டு இடத்தைத்தான் பார்ப்பேன். முதல்ல ஷேர்டு ஃபோல்டர்ல எக்செல் ஃபைல்களோட கடைசியா மாத்தின தேதி. லைவ் ஆகி ஆறு மாசம் கழிச்சும் "டிஸ்பாட்ச் பிளான்"னு ஒரு ஷீட் தினமும் அப்டேட் ஆகிட்டு இருந்தா, அந்த வேலையை ரெண்டு தடவை செய்றாங்கன்னு அர்த்தம். இங்க அப்படி நாலு ஷீட் கிடைச்சுது, அதுல ரெண்டு, ஈஆர்பி ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணி கலர் அடிச்சு எம்டிக்கு அனுப்பறதுக்கு மட்டும். அடுத்தது மாசக் கடைசில எத்தனை ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி விழுதுன்னு பார்க்கறது. அது மாசாமாசம் குறையணும். குறையலன்னா காஸ்டிங் வெயிட் மாதிரி எங்கேயோ மாஸ்டர்ல தப்பு இருக்கு, ஒருத்தர் ஒவ்வொரு மாசமும் அதைக் கையால மூடிட்டு இருக்காரு.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பார்த்த இன்னொரு கம்பெனி, இதே லைன்ல, இதே சைஸ், என்ன பண்ணாங்கன்னா புராஜெக்டை நாலு மாசம் தள்ளிப் போட்டாங்க. அந்த நாலு மாசத்துல ஐட்டம் மாஸ்டரை எக்செல்லயே சுத்தம் பண்ணிட்டாங்க, ஏஎம்சி மீட்டரும் ஓடல, கன்சல்டன்ட்டும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கல. ஸ்டோர்ஸுக்கும் பர்ச்சேஸுக்கும் ஒரு வருஷத்துக்கு ஒவ்வொரு ஆள் கூடுதலா எடுத்தாங்க, ஆளுக்கு மாசம் 22 ஆயிரம், மொத்தம் 5.3 லட்சம், அது பட்ஜெட்ல பளிச்சுன்னு தெரியற செலவு, அதனால எம்டிகிட்ட அப்ரூவல் வாங்கறதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. பேரோல் மாட்யூலை எடுத்துட்டாங்க. ஆறு கீ யூசரும் வாரா வாரம் சனிக்கிழமை ஒரு ஷீட்ல மூணே மூணு கட்டம் நிரப்பணும்: டேட்டா வேலை, டெஸ்டிங் டிரெய்னிங், தப்பைத் திருத்தறது. மூணாவது கட்டத்துல நேரம் ஏற ஆரம்பிச்சதும் மாட்யூலை நிறுத்திட்டு காரணத்தைத் தேடினாங்க, ரெண்டு தடவை அது யூனிட் கன்வெர்ஷன்லதான் போய் முடிஞ்சுது. இவங்களுக்கு அஞ்சு வருஷ மொத்தம் இன்னும் முடியலை, மூணாவது வருஷம் ஓடிட்டு இருக்கு, இதுவரைக்கும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் 20 நாளுக்குள்ள நிக்குது.